142 அடிக்குக் கீழே குடியிருப்பவர்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும், தேனி, மதுரைப் பக்கங்களைப் பார்க்கும் துணை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். குமுளியில் இருந்து எழுதுகிறேன். பல வருடங்களாகத் தமிழ் நாளிதழ்களுக்குப் பகுதி நேர நிருபராகச் செய்தி அனுப்பி வருபவன் நான். மலையாளப் பத்திரிகைகளையும் தினமும் படிக்கிறேன். முல்லைப் பெரியாறு பற்றி நாம் வெளியிடும் செய்திகளைப் பற்றிப் பேச வேண்டும். டெஸ்க்கில் இருப்பவர்களிடம் போனில் பலமுறை சொல்லிப் பார்த்தேன். பக்கம் முடிக்கிற அவசரத்தில் அதற்கெல்லாம் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மலையாளப் பத்திரிகைகளைப் பற்றியும் எனக்குக் குறை உண்டு. அதை அவர்களுக்குத் தனியாக மலையாளத்தில் எழுதியிருக்கிறேன். இந்த மடல் நமக்குள்.

என் குறை இதுதான். முல்லைப் பெரியாறு பற்றிய நம் செய்திகளில் கம்பம் இருக்கிறது, கூடலூர் இருக்கிறது, மதுரை இருக்கிறது. திருவனந்தபுரம்கூட எதிராளியாக வந்துபோகிறது. வண்டிப்பெரியாறு மட்டும் இருப்பதில்லை. அணையின் ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் முதலில் வள்ளக்கடவுக்கு வரும். அங்கிருந்து வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புதறை, அப்புறம்தான் இடுக்கி நீர்த்தேக்கம். அந்த ஆற்றோரத்தில் குடியிருப்பவர்களில் ஏராளமானவர்கள் தமிழர்கள். தேயிலைத் தோட்டத்துக்கு மூன்று நான்கு தலைமுறைக்கு முன் வந்தவர்களின் பிள்ளைகள். இவர்களில் பலருக்குக் கம்பத்திலும் கூடலூரிலும் பெண் கொடுத்து எடுத்த சொந்தம் இருக்கிறது. அண்ணன் அந்தத் தண்ணீரில் நெல் நடுகிறான், தங்கை அதே தண்ணீருக்குப் பயந்து ராத்திரி விழித்திருக்கிறாள். நம் பக்கங்களில் அண்ணன் மட்டும் வருகிறான்.

இதைச் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் மதிக்கும் ஒரு மூத்த ஆசிரியரே என்னிடம் சொன்னார்: “தம்பி, நடுநிலைன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. நம்ம வாசகன் கம்பம் பள்ளத்தாக்குல இருக்கான். அவனுக்காக நாம பேசாம யார் பேசுவா?” அவர் சொன்னதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் இந்த அணையை நம்பி இருக்கிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்கள் இந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 1979-ல் பாதுகாப்புக் காரணம் சொல்லி நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தபோது அடி வாங்கியது அந்த விவசாயிதான். அவன் பக்கம் நின்று தலையங்கம் எழுதுங்கள், தொடர் எழுதுங்கள். அது பத்திரிகையின் வேலை. அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. தலையங்கத்தில் இருக்க வேண்டிய சார்பு செய்திக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்து என்ன செய்கிறது என்பதுதான் என் கவலை. ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

2021 நவம்பர் 30. முல்லைப் பெரியாறு 142 அடியை எட்டியது. உச்ச நீதிமன்றம் அனுமதித்த அதிகபட்ச அளவு அது. எந்தத் தேதியில் எவ்வளவு தண்ணீர் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் ரூல் கர்வ்படியும் அன்று 142 வரை வைத்துக்கொள்ளலாம். ஆக, தமிழ்நாட்டின் மீது சட்டப்படி எந்தத் தப்பும் கிடையாது. நாமும் அதைச் சந்தோஷமாக வெளியிட்டோம்.

அடுத்த நாளில் இருந்து என்ன நடக்கும் என்பதைத்தான் நாம் வாசகருக்குச் சொல்லவில்லை. அணை 142-ல் நிற்கும்போது மேற்கொண்டு ஒரு அங்குலம்கூட ஏறக் கூடாது. உள்ளே வருகிற தண்ணீர் அத்தனையும் அப்போதைக்கப்போது வெளியே போக வேண்டும். சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் எடுக்க முடிந்தது அதிகபட்சம் வினாடிக்குச் சுமார் 2,300 கன அடிதான். பெரியாறு காட்டுக்குள் ஒரு கனமழை பெய்தால் அதைப் போல் பல மடங்கு தண்ணீர் வந்துவிடும். மிச்சம் முழுவதும் ஷட்டர் வழியாகக் கேரளப் பக்கம்தான் போயாக வேண்டும். துலாமாத மழை என்று இங்கே சொல்லும் வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு குணம் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் கட்டி, சாயங்காலமும் ராத்திரியும் அடிக்கும். ராத்திரி மழை என்றால் ராத்திரித் தண்ணீர். அணை நிறைந்து நிற்கும்வரை இதை மாற்ற எந்தப் பொறியாளராலும் முடியாது.

அப்படித்தான் டிசம்பர் முதல் வாரத்தில் நடந்தது. ராத்திரிகளில் ஷட்டர்கள் திறக்கப்பட்டன. டிசம்பர் 6 இரவு வெளியேறியது வினாடிக்கு 12,000 கன அடிக்கும் மேல். ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மஞ்சுமலை, வண்டிப்பெரியாறு ஜனங்கள் தெருவுக்கு வந்து மறியல் செய்தார்கள். கேரள முதல்வர் தமிழ்நாட்டு முதல்வருக்குக் கடிதம் எழுதினார். போதிய முன்னறிவிப்பு இல்லாமல் ராத்திரியில் திறக்கிறார்கள் என்று கேரளம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. முன்கூட்டியே தகவல் கொடுத்துத்தான் திறந்தோம் என்றது தமிழ்நாடு. இதையெல்லாம் மேற்பார்வைக் குழுவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றது நீதிமன்றம்.

அந்த வாரம் வெளிவந்த செய்திகளை நான் இரண்டு மொழியிலும் படித்தேன். மலையாளத்தில் ‘இருட்டில் திறந்துவிட்டார்கள்’ என்பதுதான் செய்தியே. மழை பெய்ததும், அணை நிறைந்திருந்ததும், 142-ஐத் தாண்டக் கூடாது என்பதும் உள்ளே எங்கோ ஒரு வரியில் இருந்தன, இல்லாமலும் இருந்தன. தமிழில் ‘142 அடி நிலைநிறுத்தம், விவசாயிகள் மகிழ்ச்சி’ என்ற தோரணையில் வந்தன. வீட்டுக்குள் தண்ணீர் போனது ‘கேரளத்தின் புகார்’ ஆகிவிட்டது. சுவரில் சேற்றுக்கோடு இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன். அது புகாரா?

இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழ்நாட்டு அதிகாரி சொன்னதை ‘தெரிவித்தார்’ என்று போடுகிறோம். கேரள அமைச்சர் சொன்னதை ‘குற்றம் சாட்டினார்’, ‘கிளப்பினார்’, ‘விஷமப் பிரசாரம்’ என்று போடுகிறோம். மேற்கோள் குறி இல்லாமல், யார் சொன்னது என்றும் இல்லாமல், செய்தியின் சொந்தக் குரலிலேயே ‘விஷமப் பிரசாரம்’ என்று வந்துவிடுகிறது. நிருபர் எழுதி அனுப்பியிருக்கவே மாட்டார். டெஸ்க்கில் ஒருவர் தலைப்புக்கு விறுவிறுப்பு வேண்டும் என்று சேர்த்திருப்பார். தலைப்பு பரபரப்புக்காக இருக்கக் கூடாது, கீழே இருக்கும் செய்தி அதைத் தாங்க வேண்டும் என்று பிரஸ் கவுன்சிலின் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் எல்லாமே சார்பினால் வருவது என்று சொன்னால் அது நியாயம் இல்லை. வேலை நடக்கும் விதமே நம்மை ஒரு பக்கம் தள்ளுகிறது. காலை 6 மணி நிலவரம் என்று அணை விவரம் வரும். நீர்மட்டம், நீர்வரத்து, தமிழ்நாட்டுக்கு எடுக்கும் தண்ணீர், இருப்பு. அது தமிழில், தயாராக, தினமும், இலவசமாகக் கிடைக்கிறது. வண்டிப்பெரியாற்றில் ஆறு எவ்வளவு ஏறியது என்பது அதில் இருக்காது. ராத்திரி ஒன்றரை மணிக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் அதற்குள் பக்கம் முடிந்து அச்சுக்குப் போயிருக்கும். மறுநாள் அனுப்பினால் ‘பழைய செய்தி’ ஆகிவிடும். வண்டிப்பெரியாற்றில் நமக்கு விற்பது கொஞ்சம் பிரதிதான், விளம்பரம் அதைவிடக் குறைவு. அப்புறம் எங்களைப் போன்ற பகுதி நேர நிருபர்களுக்கு வந்த செய்திக்குத்தான் காசு. எது வரும், எது வராது என்று தெரிந்த பிறகு ஜீப் வாடகை கொடுத்து ஆற்றோரத்துக்குப் போவது யார்? யாரும் பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை. எங்கே நிருபர் நிற்கிறாரோ அந்தப் பக்கத்து உண்மைதான் அச்சில் ஏறும்.

அந்த டிசம்பரில் நான் ஆற்றோரத்துக்குப் போனேன். ஒரு வீட்டில் அரிசி மூட்டையும் பிள்ளைகளின் புத்தகப் பையும் கட்டிலின் மேல் கட்டிலைப் போட்டு ஏற்றி வைத்திருந்தார்கள். பிரிட்ஜ் தண்ணீரில் நின்றிருந்த உயரம் அதன் கதவிலேயே தெரிந்தது. அந்த வீட்டு அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: “தமிழ்ப் பேப்பர்காரரா தம்பி? உங்க பேப்பர்ல நாங்க வருவோமா, இல்ல கேரளாக்காரங்கன்னு விட்டுருவீங்களா?” அணை உடையும் என்று அவர் சொல்லவில்லை. தண்ணீரைத் தமிழ்நாட்டுக்குக் கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. அவர் தம்பி கூடலூரில் குத்தகைக்கு நெல் போடுகிறவர். “எத்தனை மணிக்குத் தொறக்கப் போறாங்கன்னு ரெண்டு மணி நேரம் முன்னாடி சொன்னா சாமானை ஏத்தி வெச்சுட்டு மேட்டுக்குப் போயிருவோம்” என்றார். அவ்வளவுதான் அவர் கோரிக்கை. அனுப்பினேன். வரவில்லை.

அந்தக் கோரிக்கைக்குள்தான் உண்மையான செய்தி இருந்தது. அணையில் இருக்கும் தமிழ்நாட்டுப் பொறியாளர்களிடமிருந்து இடுக்கி மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் போக வேண்டும். அங்கிருந்து தாசில்தார், வில்லேஜ் ஆபீஸ், போலீஸ். அப்புறம் ஜீப்பில் மைக் கட்டி அறிவிப்பு. இதில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் போனது? தமிழ்நாடு தகவல் கொடுத்த நேரம் எது, ஷட்டர் ஏறிய நேரம் எது, மைக் ஜீப் ஆற்றோரத்துக்கு வந்த நேரம் எது? இந்த மூன்று நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தாமதம் யாருடையது என்று வாசகரே பார்த்துக்கொள்வார். தமிழ்நாடு தாமதமாகச் சொன்னதா, கேரள நிர்வாகம் வந்த தகவலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததா என்பது தெரிந்துவிடும். இதைக் கேட்பதற்கு நிருபருக்கு நடுநிலையான மனசு தேவையில்லை. கம்பம் விவசாயி மேல் உயிரையே வைத்திருக்கும் நிருபராலும் இந்த மூன்று நேரத்தைக் குறித்து வர முடியும். நாம் அந்த வாரம் வெளியிட்டது இரண்டு அரசுகளின் அறிக்கைகளை. கேரளம் இப்படிச் சொன்னது, தமிழ்நாடு அப்படிச் சொன்னது. அதற்குப் பெயர்தான் நடுநிலை என்றால் அந்த நடுநிலை எனக்கு வேண்டாம்.

இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டோம் என்று நிம்மதி அடைவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தரப்பு இரண்டுதான் என்று யார் முடிவு செய்தது? 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் போனஸுக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள். அதுவரை தோட்டச் செய்தி என்றால் கம்பெனி சொன்னது ஒன்று, யூனியன் சொன்னது ஒன்று. இரண்டையும் போட்டால் சமநிலை. கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்த இரண்டு தரப்பிலும் இல்லை என்பது அவர்கள் யூனியன் கொடியையே தள்ளிவைத்துவிட்டு ‘பெண்பிள்ளை ஒற்றுமை’ என்று கிளம்பிய பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஒழுங்காகச் சமநிலை பார்த்து எழுதிய அத்தனை செய்தியிலும் முக்கியமான ஆள் விடுபட்டிருந்தார். முல்லைப் பெரியாறில் அதேபோல் விடுபடுகிறவர்தான் அந்த அக்கா.

சரி, எண்ணையும் நேரத்தையும் சரிபார்ப்பதால் நம் பக்கத்துக்கு நஷ்டம் வருமா என்று பாருங்கள். 2018 பெருவெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். முல்லைப் பெரியாறில் இருந்து திடீரென்று தண்ணீர் விட்டதும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரளம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. நாம் என்ன செய்தோம்? ‘பொய்’ என்று தலைப்புப் போட்டோம். மறுத்துப் பேசிய தலைவர்களின் அறிக்கைகளை வரிசையாக அடுக்கினோம். நியாயமாகப் பார்த்தால் ஒரு வரைபடமும் நாலு எண்ணும் போதும். இடுக்கியின் செறுதோணி ஷட்டர் திறக்கப்பட்டது ஆகஸ்ட் 9-ல். முல்லைப் பெரியாறு ஷட்டர்கள் திறந்தது ஆகஸ்ட் 15-ல். ஆகஸ்ட் 15 முதல் 17 வரை மூன்றே நாளில் கேரளத்தில் சராசரியாக 414 மில்லிமீட்டர் மழை கொட்டியது என்று மத்திய நீர் ஆணையம் கணக்கிட்டது. வெள்ளத்துக்குக் காரணம் மழைதான் என்றும் அது சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வெள்ளத்தில் மிக மோசமாக மூழ்கிய ஊர்களில் ஒன்று செங்கன்னூர். அது பம்பை ஆற்றின் கரை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் அங்கே போவதற்கு வழியே கிடையாது. இதை ஒரு மலையாளி வாசகர் படித்தால்கூட மறுக்க முடியாது. ‘பொய்’ என்ற தலைப்பை அவர் படிக்கவே மாட்டார்.

ஆனால் அதே எண்கள் இன்னொன்றையும் சொல்லும். செங்கன்னூருக்குச் சம்பந்தம் இல்லை என்றால் சப்பாத்துக்கும் இல்லை என்று ஆகாது. அணைக்கும் இடுக்கி நீர்த்தேக்கத்துக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது அன்றும் உயிர்ப் பிரச்சினைதான். சரிபார்க்கிறவர் இந்த இரண்டாவது விஷயத்தையும் எழுத வேண்டும். நமக்குச் சாதகமானதோடு நிறுத்திக்கொண்டால் அது வக்கீல் வேலை.

வக்கீலைக் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல வக்கீல் எதிராளியின் வலுவான வாதத்தைத்தான் முதலில் படிப்பார். விவசாயிக்காகப் பேசும் பத்திரிகை அதைக்கூடச் செய்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு 2012-ல் அறிக்கை கொடுத்தது. நீர்வரத்து, கட்டுமானம், நிலநடுக்கம் மூன்றையும் பார்த்து அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று சொன்னது. கேரளத்தின் சார்பில் நியமிக்கப்பட்ட நீதிபதி கே.டி. தாமஸும் அந்தக் குழுவில் இருந்தார். இதை நாம் பெரிதாக வெளியிட்டோம், வெளியிட வேண்டியதுதான். மலையாளத்தில் இது எவ்வளவு சின்னதாக வந்தது என்பதை அவர்களுக்கு எழுதிய மடலில் கேட்டிருக்கிறேன். 35 லட்சம் பேர் செத்துப்போவார்கள் என்ற எண் எந்தக் கணக்கில் இருந்து வந்தது என்று ஒருமுறைகூட விசாரிக்காமல் அச்சிட்டதையும் கேட்டிருக்கிறேன்.

அதே அறிக்கையில் நாம் விட்டுவிட்ட ஒரு பகுதி இருக்கிறது. இப்போதைய அமைப்பில் 104 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரைத் தமிழ்நாடு எடுக்க முடியாது. வாய்க்காலும் சுரங்கமும் இருக்கும் மட்டம் அப்படி. 50 அடி மட்டத்தில் புதிதாக ஒரு சுரங்கம் போட்டால் அடியில் கிடக்கும் தண்ணீரையும் எடுக்கலாம், மேலே அவ்வளவு உயரத்துக்குத் தேக்க வேண்டிய தேவையும் குறையும் என்று அந்தக் குழு ஒரு மாற்று வழி சொன்னது. 2014 மே 7 தீர்ப்பிலும் அது பேசப்பட்டது. நல்ல யோசனையா, நடக்கக்கூடியதா, செலவு யாருடையது என்பதெல்லாம் விவாதிக்க வேண்டியவை. விவசாயிக்கு லாபமாகக்கூட முடியலாம். கம்பத்தில் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு யோசனை இருப்பதே பலருக்குத் தெரியாது. ‘அணையை உடைக்கப் பார்க்கிறார்கள்’, ‘அணையைக் காப்போம்’ இந்த இரண்டுக்கும் நடுவில் இந்தச் செய்திக்கு இடம் கிடைக்கவில்லை. அவனுக்காகப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவன் கையில் இருந்திருக்க வேண்டிய ஒரு தகவலை நாமே கொடுக்காமல் விட்டோம்.

2021 நவம்பரில், பெரிய அணையை ஒட்டியிருக்கும் சின்ன அணையான பேபி அணையைப் பலப்படுத்த அங்கே 15 மரங்களை வெட்டக் கேரளம் அனுமதி கொடுத்ததும் அப்படித்தான். ஒரு நாள் நன்றி, இரண்டு நாளில் ‘துரோகம்’. அந்த அனுமதி அங்கே என்ன புயலைக் கிளப்பியது, யார் நெருக்கினார்கள், எதனால் பின்வாங்கினார்கள் என்று நடுவில் ஒரு செய்தியும் இல்லை. காரணம் தெரியாத வாசகருக்குக் கோபப்படுவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தக் கோபம் எங்கே வந்து விடியும் என்று எல்லையில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். 2011 டிசம்பரில் குமுளி எல்லை மூடிக் கிடந்ததையும், ஏலத்தோட்டத்து வேலைக்காரர்கள் மூட்டை முடிச்சோடு தேனிப் பக்கம் இறங்கியதையும் நாங்கள் பார்த்தோம். இரண்டு மொழியிலும் ஒவ்வொரு நாள் தலைப்பும் எங்கள் கடைவீதியில் அன்றைக்கே விலை கேட்டது.

இது இன்றைக்குப் புதிதாக வந்த பிரச்சினையும் இல்லை. 1920-ல் வால்டர் லிப்மன், சார்ல்ஸ் மெர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ரஷ்யப் புரட்சியைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் மூன்று வருடம் வெளியிட்ட செய்திகளை எடுத்துவைத்துக்கொண்டு, பின்னால் உண்மையில் நடந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். போல்ஷெவிக் ஆட்சி கவிழ்கிறது, கவிழப்போகிறது என்ற வகைச் செய்தி 91 முறை வந்திருந்தது. ஆட்சி கவிழவில்லை. யாரோ சதி செய்தார்கள் என்ற முடிவுக்கு அவர்கள் வரவில்லை. நிருபர்களும் ஆசிரியர்களும் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதை நடப்பதாகப் பார்த்துவிட்டார்கள் என்றார்கள். மனிதன் ஆசையை விட முடியாது, அதனால் வேலை செய்யும் முறையில் கட்டுப்பாடு வேண்டும் என்பதுதான் லிப்மன் அதற்குப் பிறகு வலியுறுத்தியது. நிருபர் மனசு யார் பக்கம் இருக்கிறது என்று கேட்காதே, அவர் கொண்டுவந்த தகவலை இன்னொருவர் அதே வழியில் போய்ச் சரிபார்க்க முடியுமா என்று கேள். எனக்குத் தெரிந்து, அறிக்கைகளைச் சரிபாதியாகப் பிரித்துப் போடுவதைவிட இது கடினமான வேலை, அதைவிட நேர்மையான வேலை.

அதே சோதனையை நாமே நமக்குச் செய்து பார்க்கலாம். 2021 அக்டோபர் முதல் டிசம்பர் வரை உங்கள் தேனிப் பதிப்பில் வந்த முல்லைப் பெரியாறு செய்திகளை எடுத்து வையுங்கள். எத்தனை செய்தியில் நீர்மட்டம் இருக்கிறது, எத்தனையில் ஷட்டர் வழியாகப் போன தண்ணீரின் அளவும் நேரமும் இருக்கின்றன, எத்தனையில் ஆற்றோரத்து ஆள் ஒருவர் பேசியிருக்கிறார், எத்தனை தலைப்பில் யார் சொன்னது என்றே இல்லாமல் ஒரு தீர்ப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு துணை ஆசிரியருக்கு இரண்டு நாள் வேலை. வந்த முடிவு எதுவானாலும் வெளியிடுங்கள்.

அடுத்த மழைக்காலத்துக்கு நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அணை 136-ஐத் தாண்டிய நாளில் இருந்து, காலை நிலவரப் பெட்டியில் இன்னும் மூன்று வரிக்கு இடம் கொடுங்கள். தமிழ்நாடு தகவல் சொன்ன நேரம், ஷட்டர் உயர்த்திய நேரமும் அளவும், வண்டிப்பெரியாற்றில் அறிவிப்பு வந்த நேரம். மூன்றையும் தினமும் நான் அனுப்புகிறேன், யாரிடம் கேட்டேன் என்பதையும் சேர்த்து அனுப்புகிறேன். ராத்திரியில் திறந்தால் அந்த வரிகள் ஒரு நாள் தள்ளி வந்தாலும் பரவாயில்லை, ‘பழசு’ என்று தூக்கிப் போடாதீர்கள். தகவல் சரியான நேரத்துக்குப் போயிருந்தால் தமிழ்நாட்டுப் பொறியாளர்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. போகவில்லை என்றால் அதைத் தமிழ்ப் பத்திரிகையே சொல்லட்டும். விவசாயிக்காக எழுத வேண்டிய தலையங்கத்தை அதே பதிப்பில் தலையங்கப் பக்கத்தில் எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் எழுதுங்கள், நானும் படிக்கிறேன்.

அந்த மூன்று வரிக்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
குமுளியில் இருந்து ஒரு பகுதி நேர நிருபர்